ரவுட்டர் பக்கத்தில் கன்ட்ரோலர்: வாசகர் கேள்விகள்

செங்காங்கிலிருந்து ஒரு தாய்: வீவக நான்கறை வீடு. டிவி மேசைக்குள் கன்சோல், அதை ஒட்டியே ரவுட்டர். பையன் விளையாடும்போது கன்ட்ரோலர் துண்டித்துக்கொள்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் ரொம்ப மோசம். புது கன்ட்ரோலர் வாங்கியும் அதே கதைதான்.

இரண்டாவதை வாங்கியிருக்க வேண்டாம், அக்கா. கன்ட்ரோலர் பேசும் புளூடூத்தும் ரவுட்டரின் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடுகின்றன. வைஃபை பிடித்திருக்கும் இடத்தை விட்டு ஒதுங்கித் தாவ புளூடூத்துக்குத் தெரியும். ஆனால் ரவுட்டர் ஒரு சாண் தூரத்தில் இருந்தால் ஒதுங்கியும் பயனில்லை. காதருகே உறுமி மேளம் அடித்தால் எதிரில் நிற்பவர் பேசுவது கேட்குமா? எட்டு மணிக்கு மேல் வீட்டில் எல்லாரும் வீடியோ பார்ப்பார்கள், மேளமும் நிற்காமல் அடிக்கும்.

முதலில் ஒரு சோதனை. ரவுட்டரில் 2.4 பட்டையை மட்டும் அணைத்துவிட்டு, இணையம் தேவைப்படாத விளையாட்டு ஒன்றைப் பதினைந்து நிமிடம் ஆடச் சொல்லுங்கள். துண்டிப்பு நின்றுவிட்டால் காரணம் அதுதான்.

அப்புறம் ரவுட்டரை மேசைக்கு வெளியே, ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். 20 சென்டிமீட்டர் ஒரு மீட்டரானால், கன்சோலில் வந்து விழும் அலையின் வலிமை ஏறத்தாழ 25-இல் ஒரு பங்காகிவிடும். நான் பார்த்த வரையில் பாதிப் பேருக்கு இதுவே போதும். ஃபைபர் கம்பி எட்டவில்லை என்றால் கன்சோலை நகர்த்துங்கள். பிறகு 2.4 பட்டையைத் திரும்பப் போட்டு, அதன் `Channel Width` அமைப்பை `20 MHz` ஆக்குங்கள். 40 என்றிருந்தால் பட்டையில் பாதியை ரவுட்டரே விழுங்கிவிடும். கைபேசிகளையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்மார்ட் பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை, அவை அங்கேயே இருக்கட்டும்.

தெம்பனிஸ் மாணவர்: ரவுட்டர் வேறு அறையில். ஆனாலும் வெளி ஹார்டு டிஸ்கில் கோப்பு நகலெடுக்கும்போதெல்லாம் கணினியில் கன்ட்ரோலர் தாமதமாகிறது.

ரவுட்டரை விடுங்கள் தம்பி, குற்றவாளி அந்த டிஸ்க்தான். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதே 2.4 பட்டையில் இரைச்சல் கிளப்பும். கன்ட்ரோலரின் டாங்கிளைப் பக்கத்துத் துளையில் செருகியிருப்பீர்கள். ஒரு யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மேசைமேல் வையுங்கள்.

ஈசூன் வாசகர்: ரவுட்டரை பாம் ஷெல்டருக்குள் வைத்துவிட்டால் தொல்லை தீருமா?

தீரும், வைஃபையும் சேர்ந்து தீரும். கம்பி கட்டிய அந்தக் கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி வெளியே வரும் அலை கொஞ்சம்தான்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: கன்ட்ரோலர் துண்டிக்கவில்லை. ஆன்லைனில் ஆடும்போது மட்டும் எதிராளி தாவித் தாவி வருகிறான்.

கன்சோலின் மெனுவில் அம்புக்குறி தடங்காமல் நகர்கிறதா? அப்படியானால் கன்ட்ரோலர் சரி, பிரச்சினை இணையத்தில். கன்சோலுக்கு லேன் கம்பி போட்டுப் பாருங்கள்.