ஒரே ஆட்டம் ஜெயித்து பைனலுக்குப் போன அணி

கேள்வி: ஊர் கபடிப் போட்டிக்கு 11 அணி. 350 ரூபாய் கொடுத்து வாங்கிய எக்செல் நாக் அவுட் ஷீட்டில், பணம் கட்டிய வரிசையில் பெயர்களைப் போட்டோம். பதினோராவது அணி ஒரே ஆட்டம் ஜெயித்து பைனலுக்குப் போய்விட்டது. மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: வரத்தான் செய்வார்கள். எதிர்ப்பக்கத்து அணி மூன்று ஆட்டம் ஜெயித்தல்லவா பைனலுக்கு வருகிறது! தப்பு உங்களுடையதல்ல, விற்றவருடையது.

நாக் அவுட் ஷீட் 4, 8, 16 என்று இரட்டித்துத்தான் போகும். 11 அணிக்கு 16 இடம், மிச்சம் ஐந்து இடம் பை, அதாவது BYE: அதில் அணி கிடையாது, எதிரில் இருக்கும் அணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். அந்த ஐந்தையும் உங்கள் ஷீட் கடைசியில் குவித்திருக்கிறது. அங்கே பையும் பையும் மோதி, ஒரு பை அரையிறுதி வரை ஏறிவிட்டது. பதினோராவது அணிக்கு முதல் சுற்றிலும் ஆளில்லை, அரையிறுதியிலும் ஆளில்லை.

பை முதல் சுற்றோடு முடிய வேண்டும், ஒரு ஜோடிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. தர வரிசைப்படி அணிகளுக்கு எண் கொடுத்து (தரம் தெரியாவிட்டால் குலுக்கல்), முதல் வரி முடிந்ததும் இரண்டாம் வரி என்று, ஷீட்டில் மேலிருந்து கீழாக இப்படிப் போடுங்கள்:

```
1-BYE  8-9   5-BYE  4-BYE
3-BYE  6-11  7-10   2-BYE
```

முதல் சுற்றில் மூன்றே ஆட்டம். கால் இறுதிக்குச் சரியாக எட்டு அணி. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஸ்கோர் போடும் முன்பே அடுத்த சுற்றில் ஒரு அணியின் பெயர் வந்து நிற்கிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, சோம்பேறி ஃபார்முலா. `=IF(C2>C3,B2,B3)` என்று இருக்கும். ஸ்கோர் காலியாக இருந்தாலும் சமனானாலும் கீழே உள்ள அணியே மேலேறும். பெயர் B2, B3-யிலும் ஸ்கோர் C2, C3-யிலும் இருந்தால் இதைப் போடுங்கள்:

```
=IF(B3="BYE",B2,IF(B2="BYE",B3,
IF(OR(C2="",C3="",C2=C3),"",
IF(C2>C3,B2,B3))))
```

சமனானால் பெட்டி காலியாக நிற்கும். டை பிரேக் முடிந்ததும் ஜெயித்த அணிக்கு ஒரு புள்ளி கூட்டிப் போடுங்கள். எதிரணி வராவிட்டால் 1-0. BYE-க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் ஃபார்முலாவுக்கு அது ஓர் அணிதான்.

கேள்வி: 13 அணிக்கென்றே தனி ஷீட் எங்கே கிடைக்கும்?

பதில்: தேடாதீர்கள். 16 போதும், மூன்று பை.

கேள்வி: கலர் பார்த்து வாங்கினேன். ஷீட் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறது. ஒரு பெயரைக்கூட மாற்ற முடியவில்லை.

பதில்: கலர் பார்த்து வாங்க அது புடவையா? (என் லேப்டாப்பிலும் அப்படி ஒன்று தூங்குகிறது, அதனால் இத்தோடு விடுகிறேன்.) விற்றவரிடம் பாஸ்வேர்டு கேளுங்கள். அடுத்த முறை வாங்கும் முன் 11 பெயரைப் போட்டு, ஸ்கோரே போடாமல் ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். கால் இறுதியில் பை வாங்கிய ஐந்து பெயர் மட்டும் தெரிந்தால் பணம் கொடுக்கலாம்.