இரண்டு கயிறு, 60 பாகை: கொசைன் விதியில் விடை ஏன் குறைகிறது?

"எஸ்.பி.எம். பயிற்சிக் கணக்கு. தோட்டத்தில் சாய்ந்த செம்பனை மரத்தை 400 N, 300 N விசையில் இரண்டு கயிறு இழுக்குது, இடைக்கோணம் 60°. கொசைன் விதியில் எனக்கு 360.6 N வருது. விடைப் பக்கத்தில் 608 N. எங்கே தப்பு?"

விதி சரிதான், கோணம்தான் தப்பு. 60° என்பது மரத்தில் கட்டிய முடிச்சில் இரண்டு கயிறுகளுக்கும் நடுவே உள்ள கோணம். இணைகரத்தை வரைந்து, அந்த முடிச்சிலிருந்து மூலைவிட்டம் போடுங்கள். கொசைன் விதிக்கு வேண்டிய முக்கோணத்தில், 400-இன் நுனியிலிருந்து 300 தொடங்குகிறது. அங்கே உள்ள கோணம் 180 − 60 = 120°. cos 120° = −0.5 என்பதால் கழித்தல் குறி கூட்டலாக மாறிவிடும்:

```
R² = 400² + 300² − 2(400)(300)cos 120°
   = 160000 + 90000 + 120000 = 370000
R  = 608.3 N
```

உங்களுக்கு வந்த 360.6 வெறும் பிழை எண் அல்ல. அது அதே இணைகரத்தின் மற்ற மூலைவிட்டம், அதாவது இரு விசைத் திசையன்களின் வித்தியாசம். அதனால்தான் பார்க்க நம்பும்படி இருக்கிறது.

விடை எழுதும் முன் ஒன்றைப் பாருங்கள். கயிறுகள் செங்குத்தாக இருந்தால் விளைவு விசை 500 N. ஒரே திசையில் இருந்தால் 700 N. 60° இவற்றுக்கு நடுவே இருப்பதால், 500-க்குக் கீழே எது வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

திசையையும் கேட்பார்கள். சைன் விதியில் sin θ = 300 sin 120° / 608.3 = 0.427, ஆகவே 400 N கயிற்றிலிருந்து 25.3°. பெரிய விசைப் பக்கமே சாய வேண்டும். 30°-ஐத் தாண்டினால் 300-ஐயும் 400-ஐயும் மாற்றிப் போட்டிருப்பீர்கள்.