கர்ப்பத்தில் பாப் ஸ்மியர் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது, பெரம்பூரில் இருக்கிறேன். இப்போது 10 வாரக் கர்ப்பம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் 'ஏஸ்கஸ், ஒரு வருடத்தில் மறுபடியும் எடுக்கவும்' என்று போட்டிருந்தது. நான் எடுக்கவில்லை. இப்போது டாக்டரம்மா எடுக்கச் சொல்கிறார். உள்ளே எதையும் விட்டால் கருவுக்கு ஆகாது என்று அத்தை பயப்படுகிறார். பிரசவம் முடிந்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்கலாம், கருவுக்கு ஆபத்து இல்லை. உங்கள் விஷயத்தில் பிரசவம் வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

கர்ப்பப்பை வாய் சுமார் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். அதன் மேல்முனைக்கு அப்பால்தான் பனிக்குடமும் குழந்தையும் இருக்கின்றன. நடுவில் கெட்டியான சளி அடைப்பு ஒன்று காவலாக நிற்கும். டாக்டர் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்து, குழாயின் கீழ்முனையில், வெளிவாயைச் சுற்றியுள்ள மேற்பரப்பில் மட்டும் மரக் குச்சியையோ மென்மையான பிரஷ்ஷையோ சுழற்றி செல்களை எடுப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. குழாய்க்குள் நுழைக்கும் ஒல்லியான பிரஷ்ஷைக் கர்ப்பிணிகளுக்குப் பல டாக்டர்கள் தவிர்த்துவிடுவார்கள். வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையின் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. கர்ப்பத்தில் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், தோலும் மெல்லியது. அதனால் டெஸ்ட் முடிந்து ஓரிரு நாள் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ லேசாகக் கறை படுவது சகஜம். அந்த ரத்தம் கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து வருகிறது, கருவிலிருந்து அல்ல. ஆனால் பேட் நனையும் அளவுக்குப் போனாலோ, கட்டியாக வந்தாலோ, அடிவயிற்றில் பிடித்துப் பிடித்து வலித்தாலோ, தண்ணீர் போல ஒழுகினாலோ டெஸ்ட்டால்தான் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதனால்தான் 14 முதல் 16 வாரத்துக்குள் எடுப்பது உங்களுக்குத் தோது என்பேன். இயல்பாகக் கலையும் கருக்களில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்திலேயே கலைகின்றன. அந்தச் சமயத்தில் டெஸ்ட் எடுத்து, தற்செயலாக ஏதாவது நடந்தால், பழி டெஸ்ட்டின் மேல் விழும், நீங்களும் காலத்துக்கும் உங்களையே நொந்துகொள்வீர்கள். இன்னும் நான்கைந்து வாரம் பொறுப்பதால் மருத்துவரீதியாக எந்த நஷ்டமும் இல்லை.

முந்தைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் நார்மலாக இருந்து, அடுத்த டெஸ்ட்டுக்கான தேதியும் இப்போதுதான் வருகிறது என்றால், பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்து எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். அதற்கு முன்னால் எடுத்தால் பிரசவப் புண் ஆறும் அழற்சியால் முடிவு தெளிவாக வராமல் போகலாம். உங்களுக்கோ 'மறுபடியும் எடு' என்று சொன்ன கெடு தாண்டி ஒரு வருடம் ஆகிவிட்டது. ஏஸ்கஸ் என்றால் புற்றுநோய் அல்ல. செல்கள் கொஞ்சம் மாறித் தெரிகின்றன, காரணம் உறுதியில்லை என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சரியானதா என்று பார்க்காமல் இன்னும் ஒரு வருடம் விடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். கைக்குழந்தையோடு இருக்கும்போது இந்த டெஸ்ட்டுக்கென்று கிளம்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரிந்ததுதானே.

டெஸ்ட்டுக்கு முன் இரண்டு நாள் தாம்பத்திய உறவு வேண்டாம். பிறப்புறுப்பில் கிரீம், மாத்திரை வைப்பதும் வேண்டாம். ஆனால் கரு தங்குவதற்காக புரோஜெஸ்டிரோன் மாத்திரையை உள்ளே வைக்கச் சொல்லியிருந்தால், அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொன்னாலோ, அன்று ரத்தப்போக்கு இருந்தாலோ அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது ஸ்மியரைத் தள்ளிவைத்து, ரத்தம் எதனால் என்று முதலில் பார்ப்பார்கள்.

முடிவு நார்மல் என்றால் நிம்மதி. மறுபடியும் ஏஸ்கஸ் அல்லது லேசான மாற்றம் என்று வந்தால், அடுத்த கட்டமான கால்போஸ்கோபியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தீவிர மாற்றம் என்றால் மட்டும் கர்ப்பத்திலேயே கால்போஸ்கோபி செய்வார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி லென்ஸ் வழியாகப் பார்ப்பதுதான் அது, குழந்தைக்குக் கெடுதல் இல்லை. புற்றுநோய் என்ற சந்தேகம் வந்தால்தான் சிறு சதைத் துணுக்கு எடுப்பார்கள். குழாய்க்குள் சுரண்டுவது மட்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்தான் என்று தெரிந்தால் சிகிச்சையைப் பிரசவம் வரை ஒத்திவைப்பார்கள், ஏனென்றால் அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல வருடம் பிடிக்கும். இதற்காக சிசேரியனும் தேவையில்லை.

லேப் ஃபாரத்தில் எத்தனை வாரக் கர்ப்பம் என்றும், பழைய ஏஸ்கஸ் முடிவையும் எழுதச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் இயல்பாகவே பெரிதாகும் சில செல்கள், விஷயம் தெரியாமல் பார்ப்பவர் கண்ணுக்கு மாறிய செல்கள் போலத் தெரியும்.