வௌவாலின் "டக் டக்" ஏன் "பிர்ர்ர்" ஆகிறது?

கேள்வி: வௌவால் டிடெக்டரில் "டக்… டக்… டக்" என்று சீராகக் கேட்கிறது. திடீரென்று "பிர்ர்ர்" என்று வேகமெடுத்து நின்றுவிடுகிறது. கருவியில் கோளாறா? கும்மிருட்டில் பூச்சி இருக்கும் இடம் வௌவாலுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. அந்த "பிர்ர்ர்", வௌவால் ஒரு பூச்சியை நெருங்கிப் பாய்ந்த தருணம்.

ஒவ்வொரு "டக்"கும் ஒரு கூவல். பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் நம் காதுக்கு எட்டாது; டிடெக்டர்தான் அதை நமக்குக் கேட்கும் ஓசையாக மாற்றித் தருகிறது. 50 கிலோஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மில்லிமீட்டர்தான். சின்னப் பூச்சியில் பட்டுத் திரும்ப இவ்வளவு குறுகிய அலை வேண்டும். ஆனால் இத்தகைய ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் சிறு பூச்சிகள் சில மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் வௌவாலுக்குத் தட்டுப்படும்.

தூரம் தெரிவது எதிரொலி வரும் நேரத்தை வைத்து. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. பூச்சி 3 மீட்டரில் இருந்தால் எதிரொலி சுமார் 18 மில்லிநொடியில் வந்துவிடும். கூவல் 8 மில்லிநொடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். கூவி முடித்து, காது கொடுக்க நேரம் மிச்சமிருக்கிறது. பூச்சி அரை மீட்டருக்கு வந்ததும் எதிரொலி 3 மில்லிநொடியில் திரும்பும். இப்போதும் 8 மில்லிநொடி கூவினால், சொந்தக் கூச்சலிலேயே அந்த மெல்லிய எதிரொலி அமுங்கிப்போகும். ஆகவே நெருங்க நெருங்கக் கூவலைச் சுருக்குகிறது. கடைசியில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. கூவும்போது நடுக்காதின் தசை இறுகிச் செவியை மந்தமாக்குவதும் இதே சிக்கலுக்காகத்தான்.

சுருக்கினால் மட்டும் போதாது, பூச்சி நகர்ந்துகொண்டே இருக்கிறதே. தேடும்போது நொடிக்குப் பத்து கூவல் போதும். பாயும்போது 150-ஐயும் தாண்டும். தனித்தனி "டக்"குகள் ஒட்டிக்கொண்டு உங்களுக்குப் "பிர்ர்ர்" என்று கேட்பது அதனால்தான். இடமா வலமா என்பதை, எதிரொலி இரு காதுகளிலும் சேரும் நேரமும் பலமும் சற்றே வேறுபடுவதிலிருந்து பிடித்துக்கொள்கிறது.

டிடெக்டரை 45 கிலோஹெர்ட்ஸில் வைத்து, குமிழை மெல்லக் கீழே இறக்குங்கள். "டிக்" என்ற வறண்ட ஓசை கனத்த "டப்" ஆக மாறும் இடம், பல இனங்களில் கூவலின் பலமான பகுதி. பாய்ச்சலின் இறுதியில் சில இனங்கள் சுருதியை இறக்கும். அப்போது "பிர்ர்ர்" பாதியில் மங்கினால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: "பிர்ர்ர்" கேட்டால் பாய்ந்தது என்றுதான் பொருள், பிடித்தது என்றல்ல. அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு இந்தக் கூவல் கேட்கும். கேட்டவுடன் சடாரென்று கீழே விழுந்து தப்பிவிடும். இலைமேல் அசையாமல் உட்கார்ந்த பூச்சியின் எதிரொலியோ இலையின் எதிரொலியோடு கலந்துவிடும். பறந்தபடி வேட்டையாடும் வௌவால்கள் பெரும்பாலும் அதைத் தவறவிட்டுவிடும்.