ஓடிபி யார் போனுக்கு வரும்?

எனக்கு வயது 63. பாலிசி ரசீது, மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட், பேரன் படங்கள் எல்லாம் என் கூகுள் கணக்கில்தான் இருக்கின்றன. எனக்குப் பிறகு மகள் திறந்து பார்க்க, பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். போதாதா?

போதாது சார். புது போனில் பாஸ்வேர்டைப் போட்டால் பெரும்பாலும் ஓடிபி கேட்கும், அது உங்கள் நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாத சிம் சில மாதங்களில் முடங்கி, அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும்.

இதற்கென்றே கூகுளில் இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. myaccount.google.com/inactive என்று அடித்தால் வரும். கணக்கு எத்தனை மாதம் சும்மா கிடந்தால் அதைக் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்வது என்று முதலில் கேட்கும்; இருப்பதிலேயே குறைவு 3 மாதம், அதையே வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே உங்களுக்கு எச்சரிக்கை வரும் என்பதால், ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு வந்தாலும் பயமில்லை. அடுத்து மகளின் மெயிலையும் மொபைல் நம்பரையும் கொடுத்து, அவர் எதையெல்லாம் எடுக்கலாம் என்று டிக் செய்ய வேண்டும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் போதும். நீங்கள் கூகுளில் தேடியதெல்லாம் மகளுக்கு எதற்கு? கடைசியில் கணக்கை அழித்துவிடவா என்று கேட்கும், அதை ஆஃப் செய்தே வையுங்கள்.

இப்போது மகளுக்கு எந்தத் தகவலும் போகாது, அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். நேரம் வரும்போது அவருக்கு மெயில் வரும்; அவர் நம்பருக்கு வரும் சரிபார்ப்பு எண்ணைப் போட்டால்தான் டவுன்லோட் திறக்கும், அதற்கும் 3 மாதம்தான் அவகாசம். அவர் நம்பர் மாற்றினால் அன்றே இங்கேயும் மாற்றிவிடுங்கள். அவர் கைக்குப் போவது தகவல்களின் பிரதிதான், உங்கள் பெயரில் மெயில் அனுப்ப முடியாது. ஃபண்டில் இருக்கும் பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதற்கு நாமினி தனியாகப் போட வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது. சித்தப்பா இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டுத்தான் போனார். ஐந்து மாதமாகியும் தம்பிக்கு மெயில் வரவில்லை. ஏதோ தப்பாகப் போட்டுவிட்டார் என்றே நினைத்தோம், அப்புறம் பார்த்தால் சித்தி தினமும் ராத்திரி அவர் போனில்தான் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்! கணக்கு லாகின் ஆன ஆண்ட்ராய்டு போன் ஓடிக்கொண்டிருந்தால் ஆள் இருப்பதாகத்தான் கூகுள் எடுத்துக்கொள்ளும். போனை அணைத்த நாளிலிருந்து மறுபடி 3 மாதம் காத்திருந்தோம். அதனால் டைரியில் பாஸ்வேர்டு இருக்கும் பக்கத்திலேயே இன்னொரு வரியும் எழுதி வையுங்கள்: 'வேண்டிய நம்பர்களையெல்லாம் குறித்துக்கொண்டு என் போனை ஆஃப் செய்துவிடு.'