மைத்துனர் கொண்டுவரும் படிவமும் காலியாக விடப்பட்ட கட்டங்களும்

கேள்வி: ஓய்வுபெற்றபோது கிடைத்த 25 இலட்சம் ரூபாயை மனைவியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கில் நிலையான வைப்பாகப் போட நினைத்தேன். முகவராக இருக்கும் மனைவியின் தம்பி படிவங்களைக் கொண்டுவந்து, "அத்தான், கையெழுத்தை மட்டும் போடுங்கள், மற்றதை நான் நிரப்புகிறேன்" என்றார். கிளை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. கையெழுத்து ஒத்துவரவில்லையாம், சில இடங்கள் காலியாம். மூன்று வாரமாகப் பணம் நடைமுறைக் கணக்கில் கிடக்கிறது. இதற்கிடையில் மாதம் 15,000 ரூபாய் கட்டும் காப்புறுதி முதலீட்டுத் திட்டம் ஒன்றிலும் சேரச் சொல்கிறார். வேறு வங்கிக்குப் போகலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஐயா, வங்கியை மாற்றினாலும் அதே படிவத்தை அதே மைத்துனர்தான் கொண்டுவருவார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 25 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 2 இலட்சம், நாளுக்கு ஏறத்தாழ 550 ரூபாய். மூன்று வாரத்தில் பதினோராயிரத்துக்கு மேல் போய்விட்டது. அது போகட்டும். நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கட்டில் என்னென்ன தாள்கள் இருந்தன என்று உங்களுக்குத் தெரியுமா? கணக்கிலிருந்து மாதந்தோறும் கட்டுப்பணத்தைக் கழிக்கச் சொல்லும் நிலையியற் கட்டளையும் அதில் ஒரு தாளாக இருந்திருக்கலாம். மைத்துனரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தரகுப்பணம் பெறுபவரிடம் வெற்றுக் கையெழுத்தைக் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல. முதலில் அந்தத் தாள்களைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டு, கிளையில் நீங்களே புதிய படிவம் கேளுங்கள்.

கையெழுத்து ஏன் ஒத்துவரவில்லை என்பதை ஊகிக்கலாம். உங்கள் தலைமுறையில் பலருக்கு அடையாள அட்டையில் தமிழ்க் கையெழுத்து, அலுவலகத்தில் ஆங்கிலக் கையெழுத்து. உங்கள் மனைவி அடையாள அட்டையில் தமிழில் கையெழுத்திட்டிருந்து, இங்கே யாரோ சொன்னதால் ஆங்கிலத்தில் போட்டிருந்தால் கிளை கேட்கத்தான் செய்யும். இருவரும் இனி எந்தக் கையெழுத்து என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடையாள அட்டையில் உள்ளதே தொல்லையற்றது. முதலில் மாதிரிக் கையெழுத்து அட்டையில் மேசைமேல் வைத்து நிதானமாகப் போடுங்கள். பிறகு அதைப் பார்த்தபடியே மற்றத் தாள்களில் போடுங்கள். நாளை பணம் எடுக்கும்போது கிளை ஒப்பிடப்போவது இந்த அட்டையோடுதான். கட்டத்தின் கோட்டைத் தாண்டினாலோ பேனா தடுமாறினாலோ மேலே திருத்தி எழுதாதீர்கள். புதிய அட்டை கேளுங்கள். முடிந்ததும் எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பரப்பி, முதலெழுத்து, சாய்வு, அடிக்கோடு ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். கடைசித் தாள்களில்தான் பெரும்பாலும் கை சோர்ந்து எழுத்து சுருங்கியிருக்கும்.

கூட்டுக் கணக்கில் அதிகம் விடுபடுவது இரண்டாமவரின் கையெழுத்து. வாடிக்கையாளர் விபரப் படிவம் ஆளுக்கு ஒன்று. நிபந்தனைகளை ஏற்கும் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். படிவத்தில் ஏதாவது வெட்டித் திருத்தியிருந்தால் அதன் பக்கத்திலும் இருவரின் முழுக் கையெழுத்து தேவை. வெள்ளை மை பூசுவதைக் கிளைகள் விரும்புவதில்லை.

உறுதிமொழிக் கட்டங்களில் நம்மவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: "இல்லை" என்பதையும் அடையாளமிட்டுத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையோ அங்கு வரி செலுத்தும் கடப்பாடோ உண்டா, அரசியல் செல்வாக்குள்ள பதவியில் நீங்களோ நெருங்கிய உறவினரோ இருக்கிறீர்களா, பணத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்றெல்லாம் கேட்பார்கள். "எனக்குப் பொருந்தாதே" என்று வெறுமையாக விட்டால், பதில் சொல்லப்படவில்லை என்றுதான் பொருள், படிவம் திரும்பும். கணக்கை இயக்கும் முறை இன்னும் முக்கியம். "யாராவது ஒருவர்" என்பதா, "இருவரும் சேர்ந்து" என்பதா என்ற கட்டத்தை மைத்துனர் அடையாளமிடக் கூடாது. ஒருவர் நோயில் விழுந்தால் மற்றவர் தனியாகப் பணம் எடுக்க முடியுமா என்பதை அது தீர்மானிக்கிறது.

இன்னொரு தாளையும் கேட்டு வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீத வரி முன்கூட்டியே கழிக்கப்படுகிறது. உங்கள் 2 இலட்சத்தில் அது 20,000 ரூபாய். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் சுயபிரகடனம் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். கையெழுத்தில்லாத பிரகடனத்துக்கு அந்தப் பயன் இல்லை.

காப்புறுதித் திட்டம்? மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. வரி கழித்த உங்கள் வட்டியும் சரியாக அதுவேதான். வட்டி முழுவதையும் கட்டுப்பணமாகக் கொடுத்துவிட்டு எதைக் கொண்டு சாப்பிடுவீர்கள்? முதலீடும் காப்புறுதியும் ஒரே பொதியில் வரும்போது, முதல் ஆண்டுகளில் விலகினால் கையில் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை எந்தத் தாளிலும் பேனாவை வைக்க வேண்டாம்.

படிவத்தைக் கையளிக்கும் நாளில் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் உள்ள பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.