மொசைக் தரை: பட்டைக்கு 88 மீட்டரா?

கேள்வி: எங்கள் கூடம் 6 மீட்டருக்கு 4 மீட்டர். 1.2 மீட்டருக்கு 1 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து மொசைக் தரை போடச் சதுர மீட்டருக்கு ஒரு விலை பேசியிருக்கிறோம். பாலிஷ் அதிலேயே அடக்கமாம். கண்ணாடிப் பட்டைக்கு மட்டும் 88 மீட்டர் என்று தனிக் கணக்குக் கொடுத்திருக்கிறார் ஒப்பந்ததாரர். இது சரியா? பத்து நாளில் முடித்துத் தருவதாகவும் சொல்கிறார்.

பதில்: பட்டைக்குத் தனியாகக் கேட்பது முறைதான். தரையைச் சதுர மீட்டரிலும் பட்டையை மீட்டரிலும் அளப்பதே வழக்கம். ஆனால் 88 என்பது தவறு. உங்களுக்கு 20 கட்டங்கள், ஒவ்வொன்றின் சுற்றளவு 4.4 மீட்டர். இரண்டையும் பெருக்கி 88 என்று எழுதிவிட்டார். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே நிற்பது ஒரே பட்டை என்பது அவருக்குத் தெரியாதா என்ன! அகலவாக்கில் 4 மீட்டர் நீளத்தில் 4 பட்டைகள், நீளவாக்கில் 6 மீட்டரில் 3 பட்டைகள்: மொத்தம் 34 மீட்டர். சுவரோரமும் பட்டை வைத்தால் இன்னொரு 20 சேரும். அப்போதும் 54தான்.

பட்டை நட்டு, அடிக் கான்கிரீட்டும் போட்ட பிறகு, ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். கான்கிரீட்டின் மேல்பரப்பிலிருந்து பட்டையின் மேல்விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நாலைந்து இடங்களில் பாருங்கள். அந்த இடைவெளியில்தான் மார்பிள் சில்லுக் கலவை உட்காரப்போகிறது. 4 முதல் 7 மில்லிமீட்டர் சில்லு என்றால் 9 மில்லிமீட்டர் வேண்டும். அடிக் கான்கிரீட்டை உயரமாகப் போட்டு இதை 5 அல்லது 6 ஆகக் குறைத்துவிடுவது பழைய தந்திரம். விலையேறிய பொருளெல்லாம் மேல் அடுக்கில்தான் இருக்கிறது. மெல்லிய அடுக்கில் பெரிய சில்லுக்குப் பிடிமானம் இல்லை, மிஷின் ஓடும்போதே பெயர்ந்து வரும். மேல் அடுக்கு விழுந்த பிறகு இதை அளக்க வழியே கிடையாது.

இனி, பத்து நாள் கதை. மேல் அடுக்குப் போட்டு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருந்த பிறகே, தரையைக் கல்லால் தேய்க்கும் முதல் கட்டிங்குக்கு மிஷின் இறங்க வேண்டும். முதல் கட்டிங் முடிந்து கழுவினால் தரையெங்கும் ஊசித் துளைகள் தெரியும். தரை உலரும்போது குனிந்து பாருங்கள். சுற்றிலும் வெளுத்த பிறகும் துளைகள் மட்டும் கறுத்த புள்ளிகளாக ஈரத்தோடு நிற்கும். தரைக்குப் போட்ட அதே நிறச் சிமெண்டைக் குழம்பாகக் கரைத்து அவற்றை அடைத்து, மறுபடியும் ஏறக்குறைய ஒரு வாரம் நனைக்க வேண்டும். பிறகு, முன்னதைவிட நைசான கல்லால் இரண்டாவது கட்டிங், மறுபடி அடைப்பு, நனைப்பு, மூன்றாவது கட்டிங். கூட்டிப் பாருங்கள், மூன்று வாரத்துக்குக் குறையாது. பத்து நாளில் முடிப்பவர் அடைப்பையும் ஒரு கட்டிங்கையும் விழுங்கிவிட்டு, துளைகளின் மேல் மெழுகைத் தடவிவிட்டுப் போகிறார் என்று பொருள். கிரகப்பிரவேசத்தன்று தரை மினுங்கும். பிறகு அழுக்கு துளைகளில் இறங்கி, எத்தனை துடைத்தாலும் போகாது.

அரசு வேலைகளுக்கு இதற்கெல்லாம் விதிமுறை அச்சில் இருக்கிறது. கடைசிப் பாலிஷுக்குச் சதுர மீட்டருக்கு 33 கிராம் ஆக்சாலிக் ஆசிட் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் கூடத்துக்கு அது சுமார் 800 கிராம். ஆனால் அளவுப் புத்தகத்தில் நீளமும் அகலமும் ஏறினால் போதும், பில் நகர்ந்துவிடும். எத்தனை கட்டிங் ஓடியது என்று குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் துணை ஒப்பந்தக்காரர்கள் உங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். ஆக்சாலிக்குக்குப் பதிலாகக் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். மார்பிள் சில்லு அதில் பட்டால் நுரைத்து அரிக்கும். வந்த பளபளப்பும் போய்விடும்.

கூடத்தில் தூண் இருந்தால் ஒன்று. 0.20 சதுர மீட்டர் வரை அடைக்கும் தூணுக்குத் தரை அளவில் கழிவு கிடையாது. 30 செ.மீ.க்கு 45 செ.மீ. தூண் 0.135தான், எனவே அதன் அடியில் தரையே இல்லாவிட்டாலும் பணம் உண்டு. அப்படிப்பட்ட தூண்கள் நான்கு இருந்தாலும் கூட்டிக் கழிக்க முடியாது, ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கப்படும். 40க்கு 60 என்றால் 0.24, அதை முழுதாகக் கழிக்க வேண்டும், 0.04 மட்டும் கழிப்பேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டையின் கனத்தைத் தரையிலிருந்து கழிப்பதில்லை, அதற்காக நீங்களும் சண்டை போடாதீர்கள்.

பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பாலிஷுக்கென்று நிறுத்திவையுங்கள். மூன்றாவது கட்டிங் முடிந்து, கழுவி, உலர்ந்த தரையை மெழுகு படுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தென்பட்டால் இன்னொரு முறை அடைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி கிடையாது.